சுயவிபரக்கோவையில் கூட்டி எழுதுவதும் உள்ளதை எழுதுவதும்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில், பழைய மாணவியர் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று ஒருவர் கொழும்பில் ஒரு கம்பனியின் மனிதவளப் பிரிவில் இருக்கிறோம், மற்றவர் இலண்டனில் ஆட்சேர்ப்பு வேலை செய்கிறோம். இருவருக்கும் பொதுவான தொழில், பிறர் எழுதிய சுயவிபரக்கோவையை வாசிப்பது. அதைவிடச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. "அக்கா, அனுப்ப முதல் ஒருக்காப் பார்த்துத் தாங்கோ" என்று கல்லூரித் தங்கைமார் அனுப்புபவற்றைப் பார்ப்பது. இன்றைய உரை பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையில் இருந்து வந்தது.

எமது நாட்டுச் சீவிகளில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பக்கத்தின் அடியில், "மேற்கூறிய விபரங்கள் யாவும் எனது அறிவுக்கு எட்டியவரை உண்மையானவையும் சரியானவையும் என இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்" என்று எழுதி, திகதியிட்டு ஒப்பமிடுவோம். இலண்டனில் இப்படி எழுதுவதில்லை. அங்குள்ளவர்களுக்கு இது புதினமாகத் தெரியும். ஆனால் இந்த வரி இருப்பது நல்லதென்றே நாம் நினைக்கிறோம். இதற்கு மேலே உள்ளது விளம்பரம் அல்ல, நாம் கையொப்பமிட்டுக் கொடுக்கும் கூற்று என்பதை அது நினைவூட்டுகிறது. துக்கம் என்னவென்றால், பலர் இந்த வரியை இன்னொருவரின் சீவியில் இருந்து அப்படியே பிரதி செய்து விடுகிறார்கள். மேலே உள்ளதை மீண்டும் வாசிப்பதில்லை.

எல்லாக் கூட்டல்களும் பொய் அல்ல. "கடின உழைப்பாளி", "குழுவாக இயங்கக் கூடியவள்", "அழுத்தத்தின் கீழும் பணியாற்றுவேன்" என்று எழுதுகிறீர்கள். இவற்றை யாரும் நம்புவதும் இல்லை, நம்பாமல் விடுவதும் இல்லை. கண் அதைத் தாண்டிப் போய்விடும். அது இட விரயமே தவிர, யாரையும் ஏமாற்றுவதில்லை. பொய் இருக்கக் கூடிய இடங்கள் வேறு. தகைமை, பதவிப் பெயர், காலம், "நான் செய்தது" என்ற பகுதி ஆகிய நான்கும்தான் அவை. வாசிப்பவர் ஒரு முடிவை எடுப்பது இந்த நான்கையும் வைத்துத்தான்.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டு போவதை விட ஒரு சீவியை எடுத்துப் பார்ப்போம். எமக்கு வந்த பலவற்றில் கண்டவற்றைச் சேர்த்து ஒரு பிள்ளையை உருவாக்கியிருக்கிறோம். பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஒரு கம்பனியில் கணக்கு எழுதுவினைஞராக 2019 நவம்பரில் சேர்ந்து 2022 ஜனவரி முடிய விலகியவர். சீமா பரீட்சைகளும் எடுத்துக்கொண்டிருக்கிறார். தாயாரின் சத்திரசிகிச்சைக்காக வீட்டில் நின்றுவிட்டு, 2023 ஜனவரியில் ஓர் உதவிக் கணக்காளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். விளம்பரம் மூன்று வருட அனுபவம் கேட்கிறது. அவர் எமக்கு அனுப்பிய சீவியில் இருந்தது இதுதான்: "உதவிக் கணக்காளர், 2019 – 2022. கம்பனியின் கணக்குகளை முழுமையாக முகாமை செய்தேன். சீமா ஒப்பரேஷனல் லெவல்."

மூன்று வரி. ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலில் சீமா. ஒப்பரேஷனல் லெவலில் மூன்று பாடப் பரீட்சைகளும், அவற்றின் பின் ஒரு சம்பவக் கற்கைப் பரீட்சையும் உண்டு. கவிதா மூன்று பாடங்களில் ஒன்றில்தான் சித்தியடைந்திருக்கிறார். "நான் அந்த லெவலில்தானே இருக்கிறேன் அக்கா" என்பார். உண்மைதான். ஆனால் "சீமா ஒப்பரேஷனல் லெவல்" என்று மட்டும் வாசிப்பவர், அந்தப் படி முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். தான் எழுதிய சொல் அகராதிப்படி சரியா என்று பார்ப்பது போதாது. வாசிப்பவர் அதிலிருந்து எதை நம்புவார், அவர் நம்புவது உண்மையா என்றுதான் பார்க்க வேண்டும். மிகைப்படுத்தல் பொய்யாகும் இடம் எது என்று எம்மைக் கேட்டால், நாம் காட்டும் இடம் இதுதான்.

இதே பரீட்சையில் எம்மவர் அடிக்கடி வழுக்கும் இன்னோர் இடமும் உண்டு. எல்லாப் பரீட்சைகளிலும் சித்தியடைந்து, அங்கத்துவத்துக்குத் தேவையான மூன்று வருடத் தொழில் அனுபவத்தை இன்னும் காட்டி முடிக்காதவரை "பாஸ்ட் ஃபைனலிஸ்ட்" என்பார்கள். கடைசிப் படிக்குப் படித்துக்கொண்டிருப்பவர் "ஃபைனலிஸ்ட்" என்று போடுகிறார். ஒரு சொல் குறைகிறது, வருடக்கணக்கில் வித்தியாசம். பெயருக்குப் பின்னால் ஏ.சி.எம்.ஏ. என்று போடுவதோ அங்கத்துவம் கிடைத்த பின்னர்தான். கவிதா எழுத வேண்டியது: "சீமா ஒப்பரேஷனல் லெவல்: மூன்று பாடங்களில் ஒன்றில் சித்தி, இரண்டாவது பாடம் வரும் மே மாதம்." இது சிறியதாகத் தெரியுமா? வாசிக்கும் எமக்கு அப்படித் தெரிவதில்லை. வேலையும் பார்த்து, வீட்டையும் பார்த்து, பரீட்சைக்குத் திகதியும் குறித்து வைத்திருக்கும் ஒருவர் தெரிகிறார். ஐந்து வருடமாக ஒரு பரீட்சைக்கும் போகாமல் "பயின்று கொண்டிருக்கிறேன்" என்று எழுதுபவரிடம் இருந்து அவரைப் பிரித்துக் காட்டுவதும் அந்த மே மாதம்தான்.

இரண்டாவது, பதவிப் பெயர். சேவைச் சான்றிதழில் "கணக்கு எழுதுவினைஞர்" என்று இருக்கிறது. புதிய கம்பனி அந்தச் சான்றிதழைக் கேட்கும். "ஆனால் நான் செய்தது உதவிக் கணக்காளரின் வேலைதானே" என்ற நியாயம் பலரிடம் உண்டு, பல நேரம் அது உண்மையும் கூட. பெண்பிள்ளைகளுக்குப் பதவி உயர்வைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கூட்டிக் கொடுக்கும் இடங்கள் எமக்கும் தெரியும். அதற்கு வழி, பதவிப் பெயரை உள்ளபடி எழுதிவிட்டு, அதற்குக் கீழே செய்த வேலையை எழுதுவது. பெயரைத் தந்தது கம்பனி, அதை நாம் மாற்ற முடியாது. செய்த வேலை எம்முடையது, அதை எவ்வளவு விரிவாகவும் எழுதலாம்.

இங்கே வெளிநாடுகளில் இருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்காக ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையான சொல்லும் சில நேரம் பொய் சொல்லும். எமது அரச சேவையில் முகாமைத்துவ உதவியாளர் என்றால் என்ன பதவி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி இலண்டனுக்கு அனுப்பினால், முகாமையாளருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் என்று யாராவது நினைக்கலாம். பக்கத்திலே "அலுவலக எழுதுவினைஞர் தரம்" என்று ஒரு விளக்கம் போட வேண்டும். இன்னும் கிட்டிய உதாரணம், எமது கல்லூரியின் பெயரே. "கல்லூரி" என்று நாம் பெருமையோடு எழுதுவதை, கனடாவில் வாசிப்பவர் உயர்தரத்துக்குப் பின் படிக்கும் நிறுவனம் என்று விளங்கிக்கொள்வார். நாம் எழுதியதில் ஓர் எழுத்தும் பிழையில்லை, ஆனால் அவர் நம்புவது பிழை. பெயருக்குப் பின் "பாடசாலை, உயர்தரம் வரை" என்று போட்டுவிட்டால் முடிந்தது. கல்லூரியின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது.

மூன்றாவது, காலம். "2019 – 2022" என்பதைக் கண் மூன்று வருடம் என்று எண்ணும், சில நேரம் நான்கு என்றும் எண்ணும். கவிதா வேலை செய்தது 27 மாதம். விளம்பரம் கேட்டது மூன்று வருடம். அதனால்தான் மாதங்கள் காணாமல் போயின. வருடத்தை மட்டும் போடுவது எப்போதும் பொய்யா என்று கேட்டால், இல்லை. 1996 இல் இருந்து 2011 வரை ஒரே இடத்தில் வேலை செய்த ஒருவர் மாதம் எழுதாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. மாதத்தை விடுவதனால் கேட்ட தகைமை பூர்த்தியாவது போலத் தோன்றினால், அங்கே அது ஒரு கருவியாகிவிடுகிறது. மாதம் சரியாக நினைவில்லை என்பவர்கள் தமது ஊழியர் சேமலாப நிதிக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். தொழில்தருநரின் 12 சதவீதமும் எமது 8 சதவீதமும் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை கட்டப்பட்டது என்பது அங்கே இருக்கும்.

இடைவெளி இன்னும் நுணுக்கமானது. கவிதா வீட்டில் நின்றது 11 மாதம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில், பிள்ளைப்பேறு, தாய் தகப்பனின் வருத்தம், இடப்பெயர்வு, விசாவுக்கான காத்திருப்பு என்று ஏதோ ஒன்றுக்காக வேலையை விடாதவர் எத்தனை பேர் இருப்போம்? அதை மறைக்கத்தான் முன் வேலையின் திகதியை இழுத்து நீட்டுகிறோம். அல்லது மைத்துனரின் கடையில் வேலை செய்ததாக எழுதுகிறோம். ஒரு வரி போதும்: "2022 பெப்ரவரி – டிசம்பர்: குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன். இக்காலத்தில் சீமா பாடம் ஒன்றில் சித்தியடைந்தேன்." நோய் என்ன, யாருக்கு என்ற விபரம் எதுவும் தேவையில்லை. விளக்கம் இல்லாத இடைவெளியைக் கண்டால் வாசிப்பவரின் மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிடும். நாம் சொல்லும் கதை பெரும்பாலும் அதைவிட நல்லதாகவே இருக்கும்.

சொல்லாமல் விடுவது வேறு, இல்லாததைச் சொல்வது வேறு. திருமணம் ஆனதா, சமயம் என்ன, முதல் தடவை சித்தியடையாத பரீட்சை, ஒத்துவராமல் மூன்று வாரத்தில் விட்ட வேலை ஆகியவற்றை யாரும் கேட்காதபோது எழுத வேண்டிய கடமை இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரையும் 2014 – 2017 என்பதையும் போட்டுவிட்டு, பட்டம் பெறவில்லை என்பதை மட்டும் விடுவது அந்த வகையில் சேராது. அந்த வரி பட்டம் பெற்றதாகவே பேசுகிறது. படிவத்தில் நேரடியாக ஒரு கேள்வி இருந்தாலும், அதற்குரிய விடை உண்மையாக இருக்க வேண்டும்.

இனி நான்காவது. எமக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஆதலால் இங்கே கொஞ்சம் நேரம் எடுக்கிறோம்.

"கம்பனியின் கணக்குகளை முழுமையாக முகாமை செய்தேன்." தொலைபேசியில் கவிதாவிடம் கேட்டோம்: "சரி பிள்ளை, திங்கட்கிழமை காலமை எட்டரைக்குக் கதிரையில இருந்தவுடன முதல்ல என்ன செய்வீர்?" கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மெல்ல மெல்ல வந்தது. மூன்று வங்கிக் கணக்குகளுக்கு மாதாமாதம் இணக்கக்கூற்றுத் தயாரிப்பது அவர். சில்லறைக் காசேடு அவர். ஏறத்தாழ 60 வழங்குநர்கள் மாத முடிவில் அனுப்பும் கணக்குக்கூற்றுகளைக் கம்பனியின் பேரேட்டோடு ஒப்பிடுவது அவர். பெறுமதி சேர் வரிக்கான அட்டவணையைத் தயாரித்துக் கணக்காளரிடம் கொடுப்பதும் அவர். இறுதிக் கணக்கைத் தயாரிப்பதோ, வங்கியோடு பேசுவதோ, கொடுப்பனவுகளை அனுமதிப்பதோ அவர் இல்லை.

"இதில ஏதாவது பிழை பிடிச்சனீரோ?" என்று கேட்டோம். "ஒருக்கா... அது பெரிய விசயம் இல்லை அக்கா" என்றார். கேட்டுக் கேட்டு வாங்கினோம். ஒரு சீமெந்து வழங்குநரின் கூற்றை ஒப்பிடும்போது, கம்பனி 186,000 ரூபா கூடக் கட்டியிருப்பது தெரிந்திருக்கிறது. ஒரே சரக்கு, ஒரு தடவை விலைப்பட்டியல் இலக்கத்திலும், இன்னொரு தடவை களஞ்சியத்தில் சாமான் இறக்கிய துண்டின் இலக்கத்திலும் பேரேட்டில் ஏறியிருந்தது. இலக்கம் வேறாக இருந்ததால் கணினி அதைப் பிடிக்கவில்லை. கவிதா கணக்காளரிடம் சொல்ல, அவர் வழங்குநரோடு பேசி, அடுத்த மாதப் பட்டியலில் அந்தத் தொகை கழிக்கப்பட்டது. அதன்பின் கவிதா, ஒரே வழங்குநருக்கு ஒரே தொகை இரண்டு முறை பதியப்பட்டிருந்தால் காட்டும்படி எக்செல்லில் COUNTIFS வைத்து ஒரு சிறு சோதனை செய்து, ஒவ்வொரு மாதமும் கொடுப்பனவுக்கு முன் அதை ஓட்டியிருக்கிறார்.

இது பெரிய விடயம் இல்லையாம்! இவ்வளவையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, "முழுமையாக முகாமை செய்தேன்" என்று ஒரு வெறும் சொல்லை மேசையில் வைத்திருக்கிறார். எமது பிள்ளைகளிடம் நாம் அடிக்கடி காண்பது இதைத்தான். தற்பெருமை பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், தாம் உண்மையில் செய்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அதைச் சொல்லாததனால் உண்டாகும் வெறுமையை நிரப்ப, இணையத்தில் கிடைத்த ஒரு சீவியில் இருந்து பெரிய வினைச்சொல் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். பொய்யும் அடக்கமும் ஒரே பக்கத்தில் குடியிருக்கின்றன.

நாம் கவிதாவோடு இருந்து எழுதியது இப்படி வந்தது: "மூன்று வங்கிக் கணக்குகளுக்கு மாதாந்த இணக்கக்கூற்றுத் தயாரித்தேன். ஏறத்தாழ 60 வழங்குநர்களின் கணக்குக்கூற்றுகளை மாதந்தோறும் பேரேட்டோடு ஒப்பிட்டேன். இதன்போது இரட்டைக் கொடுப்பனவு ஒன்றை (186,000 ரூபா) கண்டறிந்து கணக்காளருக்கு அறிவித்தேன், தொகை அடுத்த மாதம் சரிசெய்யப்பட்டது. இவ்வகைப் பிழையைக் கொடுப்பனவுக்கு முன் காட்டும் எக்செல் சோதனை ஒன்றை உருவாக்கிப் பயன்படுத்தினேன்."

இதில் எந்தச் சொல்லை எங்கே நிறுத்தினோம் என்று பாருங்கள். "கம்பனிக்கு 186,000 ரூபா மீட்டுக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கலாம், வாசிக்க நன்றாகவும் இருக்கும். மீட்டவர் கணக்காளர், கண்டவர் கவிதா. கண்டதே போதும். முதல் வரைவில் கவிதா "பிழைகளை 40 சதவீதத்தால் குறைத்தேன்" என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார். முன்னர் எத்தனை பிழை, பின்னர் எத்தனை என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை. எண்ணாத ஒன்றுக்குச் சதவீதம் போட்டால் அது தற்செயலாகச் சரியாக இருந்தாலும் பொய்தான். "ஏறத்தாழ 60" என்பது அப்படியல்ல. எப்படி 60 என்று கேட்டால், கோவைகள் இரண்டு தட்டில் இருந்தன, ஒரு தட்டில் முப்பது மட்டில் என்று அவரால் சொல்ல முடியும்.

மொழியையும் இதே முறையில் எழுதலாம். "சிங்களம் – நன்று" என்பதற்குப் பதிலாக, "சிங்களம்: வழங்குநர்களோடு தொலைபேசியில் பேசுவேன், கடிதம் எழுதப் பழகுகிறேன்" என்று போட்டால், நேர்முகத் தேர்வில் யாராவது திடீரென்று சிங்களத்தில் கடிதம் ஒன்றைத் தந்து வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயம் இராது.

நேர்முகத் தேர்வு என்றதும் ஒன்று. கூட்டி எழுதியவரை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் தந்திரமான கேள்விகள் அல்ல. "அதில் உங்கள் பங்கு என்ன?", "பிறகு என்ன நடந்தது?" என்ற இரண்டு சாதாரணக் கேள்விகள்தான். செய்தவருக்கு மூன்றாவது, நான்காவது கேள்வியில் விடை நீளும். அந்தத் துண்டின் நிறம் கூட நினைவிருக்கும். செய்யாதவரின் விடை சுருங்கி, மீண்டும் பெரிய சொற்களுக்குத் திரும்பும். இன்னொன்று, எமது பிள்ளைகள் எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்று சொல்வார்கள். வீட்டிலும் பாடசாலையிலும் அப்படித்தான் பழக்கினோம். கேட்பவருக்கு இவர் செய்தது எது என்று விளங்காது. "ஒப்பிட்டது நான், பேசித் தீர்த்தது எங்கள் கணக்காளர்" என்று பிரித்துச் சொல்லுங்கள். மற்றவரின் பங்கைச் சரியாகச் சொல்பவர் தன் பங்கைச் சொல்லும்போதும் நம்பத் தோன்றும்.

இல்லாததைக் கேட்டால்? ஒத்திகை ஒன்றில் கவிதாவிடம் கேட்டோம்: "இறுதிக் கணக்குத் தயாரித்திருக்கிறீர்களா?" தலை குனிந்து "இல்லை" என்றார். மறுபடி சொல்லச் சொன்னோம். "இல்லை, அதைக் கணக்காளர் செய்தார். அதற்குத் தேவையான வங்கி, கடன்கொடுத்தோர் அட்டவணைகளை இரண்டு வருட முடிவிலும் நான் தயாரித்துக் கொடுத்தேன். அடுத்ததாகக் கற்க விரும்புவது அதைத்தான்." அதே உண்மைதான். நிமிர்ந்திருந்து, எல்லை எங்கே என்று காட்டி, எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதையும் சொன்னார். அவ்வளவுதான் மாறியது.

ஒரு தங்கை எம்மிடம் கோபமாகவே கேட்டார்: "எல்லாரும் கூட்டி எழுதேக்க நான் மட்டும் உள்ளதை எழுதினால், என்ரையையும் பாதியாக் குறைச்சுத்தானே வாசிப்பினம்?" நியாயமான கேள்வி. வாசிப்பவர்கள் கழித்துத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கழிப்பது "சிறந்த", "முழுமையான", "முகாமை" போன்ற சொற்களில்தான். "மூன்று வங்கிக் கணக்கு" என்பதில் கழிக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒளிக்கக் கூடாது. மூன்று வருடம் இல்லாத எல்லா விண்ணப்பங்களையும் முதலிலேயே ஒதுக்கிவிடும் இடங்கள் உண்டு. அங்கே 27 மாதம் என்று உண்மையாக எழுதிய கவிதாவின் விண்ணப்பம் தட்டுப்படாமல் போகும். அந்த இழப்பு உண்மையானது. முகப்புக் கடிதத்தில் "நீங்கள் கேட்டது மூன்று வருடம், என்னிடம் இருப்பது இரண்டு வருடமும் மூன்று மாதமும், எனினும் நீங்கள் குறிப்பிட்ட கடமைகளில் இவற்றைச் செய்திருக்கிறேன்" என்று எழுதி அனுப்புங்கள் என்றே நாம் சொல்வோம். சிலர் கூப்பிடுவார்கள், சிலர் கூப்பிடமாட்டார்கள்.

பொய் எழுதி வேலை கிடைத்துவிட்டால் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த இரண்டு சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவர் அனுமதிக்குப் பொறுப்பாக இருந்த பீடாதிபதி ஒரு பெண்மணி. மாணவர்கள் மீதான நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்று பேசி, நூலும் எழுதி, மதிக்கப்பட்டவர். 28 வருடங்களுக்கு முன் வேலைக்கு விண்ணப்பித்தபோது தன்னிடம் இல்லாத பட்டங்களை எழுதியிருந்தது தெரியவந்து, 2007 இல் பதவி விலகினார். பின்னர் அதைத் திருத்தும் துணிவு தனக்கு வரவில்லை என்று அவரே கூறினார். சிறிய வேலைக்கு எழுதிய வரி, பெரிய வேலை வரை கூடவே நடந்து வந்திருக்கிறது.

மற்றையது இங்கிலாந்தின் டோன்டனில், இறுதிக்கால நோயாளரைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியைப் பற்றியது. இல்லாத பட்டங்களையும் அனுபவத்தையும் காட்டி 2004 இல் அந்தப் பதவியைப் பெற்றார். வேலையை நன்றாகவே செய்தார் என்பதில் பிணக்கில்லை. 2017 இல் சிறைத்தண்டனை கிடைத்தது. அது மட்டுமல்ல, 2022 இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், பொய்யால் கூடுதலாகப் பெற்ற சம்பளம் எவ்வளவு என்ற கணக்கை அடிப்படையாக வைத்து, அவரிடம் இருந்து 96,737 பவுண் பறிமுதல் செய்யும் ஆணையை மீண்டும் நிலைநாட்டியது. அவர் செய்த வேலைக்குரிய சம்பளத்தை முழுவதும் எடுக்கவில்லை. பொய் சொல்லாதிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியதற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுத்தார்கள். "வேலையை நன்றாகச் செய்தால் யாருக்கு நட்டம்?" என்று கேட்பவர்களுக்கு இலண்டனில் உள்ள எம்மவர் காட்டும் வழக்கு இது.

கடைசியாக அக்காமாருக்கு. சீவியின் அடியில் உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்பார்கள். அந்த இடத்தில் எமது பெயரைப் போடத் தங்கைமார் கேட்பதும், நாம் மறுக்காமல் ஓம் என்பதும் வழமை. ஓம் சொல்ல முதல், அனுப்பப் போகும் சீவியை வாங்கி வாசியுங்கள். கம்பனியில் இருந்து தொலைபேசி வரும்போது, அதில் உள்ள வரியைத்தான் உங்களிடம் கேட்பார்கள். "நல்ல பிள்ளை, நல்ல குடும்பம்" என்ற விடை அவர்களுக்கு உதவாது. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: வலைப்பந்தாட்ட அணிக்கு இரண்டு வருடம் கணக்கு வைத்தார், ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் மிச்சக் காசும் பற்றுச்சீட்டும் அடுத்த நாளே வந்தன என்று. நீங்கள் காணாததைக் கேட்டால், அது எனக்குத் தெரியாது, அவருடைய முன்னைய மேலதிகாரியைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். சீவியில் உங்களை நெருடும் வரி ஏதாவது இருந்தால், அனுப்ப முதல் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலமை எட்டரைக்கு என்ன செய்தீர் என்று கேளுங்கள். அரை மணித்தியாலம் போகும். பெரும்பாலும் அந்த வரியை விட நல்ல வரி ஒன்று கிடைக்கும்.